ஒன்றரை மணி என்றார்கள், மூன்றாகிறது

"அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. சத்திரசிகிச்சைக்கு ஒன்றரை மணித்தியாலம் என்றார்கள், உள்ளே எடுத்து மூன்றாகிறது. இரத்தமும் ஒதுக்கச் சொன்னார்கள். மட்டக்களப்பில் தியேட்டர் வாசலில் நிற்கிறேன்."

தம்பி, அந்த ஒன்றரை மணி பெரும்பாலும் கத்தி வைத்ததிலிருந்து தையல் போடும்வரையான கணக்கு. அதற்கு முன் முதுகில் ஊசி போட்டு விறைக்கவைக்க வேண்டும், எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும்படி கிடத்த வேண்டும். முடிந்த பிறகும் இரத்த அழுத்தம் நிலையாகும்வரை மீட்பு அறையில் வைத்திருப்பார்கள்.

என் அம்மாவை 8.40க்கு எடுத்தார்கள், 12.30க்குத்தான் வெளியே வந்தார். முந்தைய நோயாளிக்கு நேரமாகிவிட்டதால் ஒரு மணித்தியாலம் தள்ளுவண்டியிலேயே கிடந்திருக்கிறார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி. வெளியே நான் அவருடைய செருப்புப் பையைக் கசக்கிக்கொண்டு இல்லாத கதையெல்லாம் கட்டினேன்.

இரத்தம் ஒதுக்குவது இந்தச் சிகிச்சைக்கு வழக்கமான முன்னேற்பாடு, ஏற்றுகிறார்கள் என்று பொருளல்ல. தியேட்டர் கதவைத் தட்டாதீர்கள். வார்டுத் தாதியிடம் போய், தியேட்டருக்கு அழைத்து ஒன்றே ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: "தொடங்கியது எத்தனை மணிக்கு?" அதிலிருந்து எண்ணுங்கள்.