‘அலட்சியம்’ எங்கே பதிவாகியிருக்கிறது?

அன்புள்ள சார்,

ஓசூரில் ஒரு மெஷின் ஷாப்பின் தரப்பிரிவில் இருக்கிறேன். உள்தணிக்கையில் இப்படி என்.சி., அதாவது இணக்கமின்மைக் குறிப்பு, எழுதினேன்: “காலிபரேஷன் சரியாக நடப்பதில்லை. தேதி முடிந்த மைக்ரோமீட்டர்கள் பல அலட்சியமாகப் பயன்படுத்தப்படுகின்றன. உடனே சரிசெய்து ஊழியருக்குப் பயிற்சி தரவும்.” சூப்பர்வைசர் கையெழுத்துப் போட மறுக்கிறார். நான் பார்த்தது 12 மைக்ரோமீட்டர்கள். 07-ஆம் எண்ணுக்கு மட்டும் 31.03.2025-இல் கெடு முடிந்திருந்தது. 14.05.2025 அன்று அதில் ஷாஃப்ட் விட்டம் அளந்துகொண்டிருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலிபரேட் செய்ய வேண்டும் என்பது எங்கள் செயல்முறை. எப்படி மாற்றுவது?

அன்புள்ள நண்பருக்கு,

அவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. பார்த்தது ஒன்று, எழுதியது ‘பல’. அலட்சியத்தையோ நீங்கள் பார்க்கவே இல்லை. கெடுப் பட்டியலில் அந்தக் கருவி விட்டுப்போயிருக்கலாம்; அனுப்பிவிட்டால் அளக்க வேறு மைக்ரோமீட்டர் இல்லாமல் இருந்திருக்கலாம். காரணம் தேடுவது அந்தப் பிரிவின் வேலை. பயிற்சி தரச் சொன்னதன் மூலம் அதையும் நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“இணக்கமின்மை: குறித்த இடைவெளியில் காலிபரேட் செய்யப்படாத ஒரு மைக்ரோமீட்டர் உற்பத்தி அளவீட்டில் பயன்பாட்டில் இருந்தது. ஐஎஸ்ஓ 9001:2015 பிரிவு 7.1.5.2-உம், ஆறு மாத இடைவெளி என்ற நிறுவனச் செயல்முறையும் நிறைவேறவில்லை.

சான்று: பார்த்த 12 மைக்ரோமீட்டர்களில் 07-ஆம் எண்ணின் ஒட்டுச்சீட்டில் கெடு 31.03.2025. 14.05.2025 அன்று, கெடு கடந்து 44 நாளான நிலையில், அதைக்கொண்டு ஷாஃப்ட் விட்டம் அளக்கப்பட்டது. மற்ற 11-உம் கெடுவுக்குள் இருந்தன.”

அந்த 11-ஐ விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான், பிரச்சினை ஒரு கருவியோடு நிற்கிறதா என்று எங்கிருந்து தேடத் தொடங்குவது என அவருக்குத் தெரியும். ஷாஃப்டின் பாகஎண்ணையும் ஆய்வுப் பதிவின் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். நாளை வேறொருவர் அதே தாளை எடுத்துப் பார்க்க முடிய வேண்டும்.

‘அளவு தவறு’ என்று எங்கும் எழுத வேண்டாம். கெடு முடிந்த மைக்ரோமீட்டர் சரியாகவே அளந்துகொண்டிருக்கலாம். நமக்குத் தெரிந்தது, அது சரி என்பதற்கு இப்போது ஆதாரம் இல்லை என்பது மட்டுமே.

திருத்தத்தையும் அந்த அளவிலேயே நிறுத்துங்கள்: “07-ஐப் பயன்பாட்டிலிருந்து விலக்கி அடையாளமிட்டு, காலிபரேட் செய்க. சரிக்கட்டும் முன் கிடைத்த அளவுகளைப் பதிவு செய்க. அவை ஏற்பு வரம்பைத் தாண்டினால், அதில் அளந்த பாகங்களின் முடிவுகளை மறுபரிசீலனை செய்க.” சரிக்கட்டும் முன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆய்வகம் முதலில் பூஜ்யத்தைத் திருத்திவிட்டால் முந்தைய பிழை எவ்வளவு என்பதே மறைந்துவிடும். வரம்பைத் தாண்டியிருந்தால் பரிசீலனையைக் கெடுத் தேதியிலிருந்து தொடங்கினால் போதாது. கருவி எப்போது கெட்டது என்று தெரியாததால், கடைசியாகச் சரியென்று தெரிந்த காலிபரேஷன் வரை பின்னோக்கிப் போக வேண்டும்.

மூலகாரணம், சரிசெய் நடவடிக்கை என்ற இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டு அவரிடம் கொடுங்கள்.