20 சதவீதத்தில் அணையும் போன்: மெமரி எஃபெக்ட்தானா?

"மூன்று வருடப் போன். எப்போதும் 40 சதவீதத்திலேயே சார்ஜ் போடுவேன். இப்போது 20-இல் திடீரென்று அணைகிறது. மெமரி எஃபெக்டா? வாரம் ஒருமுறை முழுக்கக் காலி செய்யட்டுமா?"

இல்லைங்க, வாராவாரம் காலி செய்ய வேண்டாம். மெமரி எஃபெக்ட், அதாவது ஒரே அளவுக்கு இறக்கி ஏற்றினால் வோல்டேஜ் முன்கூட்டியே சரிவது, நிக்கல்-காட்மியம் பேட்டரிகளில் உண்மையாகவே நடந்தது. போனில் இருப்பது லித்தியம்-அயன் பேட்டரி. அதில் ஒரு வகையில், அதாவது இரும்பு பாஸ்பேட்டில், மிகச் சிறிய மெமரி எஃபெக்ட் இருப்பதை 2013-இல் கண்டார்கள். சில மில்லிவோல்ட்தான், அது போனை அணைக்காது.

உங்கள் போன் பேட்டரியில் உள்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் தடை, கூடியிருக்கலாம். 20 சதவீதத்தில் பேட்டரி சுமார் 3.7 வோல்ட் தரும். பழைய பேட்டரியின் தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா திறந்ததும் 2 ஆம்பியர் இழுத்தால் 0.4 வோல்ட் விழுந்து 3.3-க்கு வந்துவிடும். அங்கேதான் பல போன்கள் அணைந்துகொள்ளும்.

சோதிப்பது சுலபம். அணைந்ததும் சார்ஜரில் போட்டு உடனே இயக்குங்கள். 15, 18 என்று காட்டினால் தடைதான் காரணம், பேட்டரியை மாற்றுங்கள். 1 என்று காட்டினால் சதவீதக் கணக்கு தவறியிருக்கிறது. அப்போது ஒரே ஒருமுறை தானாக அணையும்வரை விட்டு, இடைவெளியில்லாமல் 100 வரை ஏற்றுங்கள். இப்படிக் கணக்கு சரியாவதைப் பார்த்துத்தான் பலர் மெமரி எஃபெக்ட் போய்விட்டதாக நம்புகிறார்கள். அப்புறம், 40-இல் சார்ஜ் போடும் உங்கள் பழக்கம் நல்லதுதான், அதை விடாதீர்கள்.