கிழமையும் தேதியும் ஒத்துப்போகிறதா? குடும்பத்தோடு பாரிஸ் போகிறவர்களுக்கான கேள்வி பதில்

பல வருடங்களாக டிக்கெட் போடும் வேலையில் இருப்பவள் நான். பயணத் திட்டத்தில் கிழமை, தேதி, மணி இந்த மூன்றைப் பற்றி மட்டும் இன்று கேளுங்கள், திட்டத்தில் இருப்பதை அப்படியே எழுதி அனுப்பினால் நல்லது.

சேலத்திலிருந்து: தம்பி போட்ட திட்டத்தில் "வெள்ளி, 24 அக்டோபர் 2026, சென்னை 3:45" என்று இருக்கிறது. டிக்கெட்டில் SAT 24 OCT 03:45. நாங்கள் ஐந்து பேர், எதை நம்புவது?

டிக்கெட்டை. 2026 அக்டோபர் 24 சனிக்கிழமைதான். வீட்டிலிருந்து கிளம்புவது வெள்ளி ராத்திரி என்பதால் தம்பி வெள்ளி என்று எழுதியிருக்கலாம், அப்படியானால் தேதி 23 என்று இருந்திருக்க வேண்டும். இப்போது இருப்பது போலவே விட்டால் ஆளுக்கொரு அர்த்தம் எடுப்பார்கள், ஒருவர் 24ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு வந்து நிற்பார், விமானம் அன்று அதிகாலையே போயிருக்கும். திட்டத்தில் இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள்: "23 வெள்ளி இரவு 11:30, விமான நிலையத்துக்குள் போக வேண்டும்", "24 சனி 03:45, விமானம்".

ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக் காரணத்தைச் சொல்ல முடியாது. மற்ற வரிகளில் கிழமை எப்படி இருக்கிறது?

சேலத்திலிருந்து: 27 திங்கள் லூவ்ர் மியூசியம், 28 செவ்வாய் வெர்சாய் அரண்மனை, 31 வெள்ளி கிளம்புவது. போன வருடம் சித்தப்பா குடும்பம் போய்வந்த திட்டத்தைத்தான் தம்பி எடுத்து மாற்றினான்.

அப்படியானால் விஷயம் அதுதான். எல்லா வரியிலும் ஒரே ஒரு கிழமை பின்னால் இருந்தால் அது போன வருடக் காலண்டர், ஏனென்றால் சாதாரண வருடத்தில் 365 நாள், 52 வாரம் போக ஒரு நாள் மிச்சம். நடுவில் ஒரு வரியிலிருந்து மட்டும் பிசகத் தொடங்கினால் அங்கே ஒரு நள்ளிரவு இருக்கும், யாரோ தேதியை மாற்றி கிழமையை மாற்றாமல் விட்டிருப்பார்கள். ஒரே ஒரு வரி மட்டும் தப்பு என்றால் பெரும்பாலும் கைத்தவறு. நான் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் தேடுவது தப்பு எந்த வரிகளில் விழுந்திருக்கிறது என்பதைத்தான், அதை வைத்தே எதைத் திருத்துவது என்று தெரிந்துவிடும்.

உங்கள் விஷயத்தில் கிழமையை மட்டும் திருத்திவிட்டு நிறுத்தாதீர்கள். 2025இல் அக்டோபர் 27 திங்கள், லூவ்ர் திறந்திருந்தது. 2026இல் அதே தேதி செவ்வாய், லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை. லூவ்ரை 26 திங்களுக்கு நகர்த்துங்கள். வெர்சாய் அரண்மனைக்கு விடுமுறை திங்கள், 28 புதனாக வருவதால் அதற்குச் சிக்கல் இல்லை. நீங்கள் நிஜமாகவே ஒரு குறிப்பிட்ட கிழமையை மனதில் வைத்திருந்தீர்களா, தேதியையா என்பதை ஒவ்வொரு வரிக்கும் தம்பியிடம் கேளுங்கள், அது எனக்குத் தெரியாது.

கோவையிலிருந்து: காலண்டர் கையில் இல்லாமல் கிழமை கண்டுபிடிக்க வழி உண்டா?

4/4, 6/6, 8/8, 10/10, 12/12 இந்த ஐந்தும் எந்த வருடத்திலும் ஒரே கிழமையில் வரும். 2026இல் அது சனி. அக்டோபர் 10 சனி என்றால் 17ம் 24ம் சனிதானே. திட்டம் ஷீட்டில் இருந்தால் இதைப் போடுங்கள்:

```
=TEXT(DATE(2026,10,24),"dddd")
```

தேதியை 10/11/2026 என்று அடித்தால் சில ஷீட் அதை அக்டோபர் 11 என்று எடுக்கும், சில நவம்பர் 10 என்று எடுக்கும், அதனால்தான் வருடம், மாதம், நாள் என்று தனித்தனியாகக் கொடுக்கிறேன். திட்டத்தில் எழுதும்போதும் மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள்.

மதுரையிலிருந்து: பாரிஸுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். எல்லாவற்றிலும் மூன்றரையைக் கழித்துவிட்டால் போதும், இதற்கு ஏன் இவ்வளவு?

கோடையில் மூன்றரை சரி. ஆனால் 2026இல் அக்டோபர் 25 ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு அங்கே கடிகாரத்தை 2 மணிக்குத் திருப்பி வைப்பார்கள், அதற்கப்புறம் வித்தியாசம் நாலரை. சேலத்துக் குடும்பம் இறங்குவது 24 சனி, மறுநாள் காலையே இது நடந்திருக்கும். போன் தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரமும் ஓட்டல் அறைச் சுவர்க் கடிகாரமும் மாறாமல் இருக்கலாம். ஊரில் இருக்கும் பாட்டிக்கு இரவு 8 மணிக்குப் பேசுவது என்றால் சனியன்று பாரிஸில் மாலை 4:30, ஞாயிறு முதல் 3:30.

அப்புறம் இன்னொன்று, டிக்கெட்டில் எதையும் கழிக்காதீர்கள். புறப்படும் மணி புறப்படும் ஊர் நேரம், இறங்கும் மணி இறங்கும் ஊர் நேரம்.

சேலத்திலிருந்து: எங்களுக்கு ஏஜென்ட் அனுப்பிய தாளில் துபாய் 6:35, துபாய் 8:20, பாரிஸ் 1:30 என்று மட்டும் இருக்கிறது. காலையா மாலையா?

AM, PM இல்லாத தாளை ஏற்காதீர்கள், ஆனால் நீங்களே சரிபார்க்கவும் முடியும். எல்லா மணியையும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், அங்கே காலை 6:35 என்றால் இங்கே 8:05. சென்னையில் 3:45க்குக் கிளம்பி 8:05, நாலே கால் மணியும் ஐந்து நிமிடமும், சரியான நேரம். அங்கே 8:20 காலை என்றால் இங்கே 9:50. பாரிஸில் பகல் 1:30 என்றால், கடிகாரம் திருப்பும் முன் என்பதால், இங்கே 17:00. ஏழு மணி பத்து நிமிடம், துபாய் – பாரிஸுக்குப் பொருந்துகிறது. நள்ளிரவு 1:30 என்று எடுத்தால் பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். கணக்கு இப்படிப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளி வந்தால் AM, PM தப்பு, ஒரு மணி நேரம் மட்டும் தள்ளி வந்தால் கடிகாரம் திருப்பியதை மறந்திருக்கிறீர்கள், இருபத்துநாலு என்றால் தேதி.

திருநெல்வேலியிலிருந்து: வெள்ளி ராகு காலம் 10:30 முதல் 12, சனி 9 முதல் 10:30. அதிகாலை 3:45 எந்தக் கிழமைக் கணக்கு அம்மா?

இது பகல் ராகு காலம் ஐயா, இரவு 11:30க்கு விமான நிலையத்தில் இருப்பதற்கு இரண்டுமே குறுக்கே வராது. பஞ்சாங்கத்தில் சூரிய உதயம் வரை வெள்ளிதான், டிக்கெட்டில் நள்ளிரவு 12க்கே சனி. வீட்டுப் பெரியவர்கள் வெள்ளி என்பதும் பிள்ளைகள் சனி என்பதும் இதனால்தான், அதனால் பேச்சில் கிழமையோடு தேதியையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து: போன் காலண்டரில் 26ஆம் தேதி 10 மணி என்று இங்கிருந்தே போட்டு வைத்துவிட்டேன், அங்கே போனால் அதே 10 மணிதானே காட்டும்?

காட்டாது. நீங்கள் நேர மண்டலம் தேர்ந்தெடுக்காமல் போட்டால் அது சென்னை 10 மணி, பாரிஸில் 5:30க்கு மணி அடிக்கும். அந்தப் பதிவைத் திறந்து நேர மண்டலத்தை Paris என்று மாற்றி மறுபடி 10 என்று போடுங்கள். இப்போது இங்கே பார்க்கும்போது 14:30 என்று காட்டினால் சரியாக வைத்திருக்கிறீர்கள், 13:30 என்று காட்டினால் தேதியைப் பாருங்கள், 24 அல்லது அதற்கு முன்னால் போட்டிருப்பீர்கள்.

சேலத்திலிருந்து: கடைசியாக ஒன்று. 31 இரவு 10 மணிக்கு பாரிஸில் ஏறுகிறோம், டிராவல் இன்சூரன்ஸ் 31 வரை போட்டால் போதுமா?

நீங்கள் சென்னையில் இறங்குவது நவம்பர் 1 ஞாயிறு, டிக்கெட்டில் இறங்கும் மணிக்குப் பக்கத்தில் +1 இருக்கும் பாருங்கள். 24 அக்டோபர் முதல் 1 நவம்பர் வரை போடுங்கள். 24 என்பது நள்ளிரவிலிருந்து தொடங்குகிறதா, வேறு மணியிலிருந்தா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், உங்களுக்கோ 3:45க்கே விமானம், அதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.