கோடலின் வாக்கியம் உண்மை என்று நமக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: எந்த முறையாலும் நிரூபிக்க முடியாத உண்மைகள் கணிதத்தில் உண்டு என்று கோடல் காட்டியதாகப் படித்தேன். சரிதானா?

‘எந்த முறையாலும்’ என்ற சொற்களை எடுத்துவிட்டால் சரி. 1931-ல் தர்க்கவியலாளர் குர்ட் கோடல் பேசியது, அடிகோள்களும் விதிகளும் கொண்ட குறிப்பிட்ட ஓர் அமைப்பைப் பற்றி. எது அடிகோள், எது இல்லை என்பதை அந்த அமைப்பில் இயந்திரம்போல் சரிபார்க்க முடிய வேண்டும். கூட்டலும் பெருக்கலும் உள்ள எண்கணிதம் அதில் ஓரளவாவது நடக்க வேண்டும். அது முரணற்றதாகவும் இருக்க வேண்டும். (கோடல் கேட்டது இதைவிடக் கொஞ்சம் வலுவான நிபந்தனை. முரணின்மையே போதும் என்று 1936-ல் ரோசர் காட்டினார்.) இவை மூன்றும் இருந்தால், அந்த அமைப்பால் நிரூபிக்கவும் முடியாத, மறுக்கவும் முடியாத ஓர் எண்கணித வாக்கியம் இருக்கும்.

ஆக, ‘நிரூபிக்க முடியாதது’ என்று சொன்னால் எந்த அமைப்பில் என்று கூடவே சொல்லியாக வேண்டும். இயல் எண்களின் தொடர்களைப் பற்றிய குட்ஸ்டீன் தேற்றம் நல்ல உதாரணம். பள்ளி எண்கணிதத்தின் அடிகோள் வடிவமான பீனோ எண்கணிதத்தில் அதற்கு நிரூபணம் கிடையாது. இதை 1982-ல் கிர்பியும் பாரிசும் காட்டினார்கள். ஆனால் குட்ஸ்டீனே அதைக் கணக் கோட்பாட்டின் துணையோடு 1944-லேயே நிரூபித்துவிட்டார்.

நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் தேற்றம் பொருந்தாது. பெருக்கலை நீக்கிவிட்டுக் கூட்டலை மட்டும் வைத்துக்கொண்ட எண்கணிதம் முழுமையானது, அதாவது அதன் ஒவ்வொரு வாக்கியத்தையும் அதால் நிரூபிக்கவோ மறுக்கவோ முடியும் என்று பிரெஸ்பர்கர் 1929-லேயே காட்டியிருந்தார்.

கேள்வி: அரசியலமைப்புச் சட்டம், பிரபஞ்சம், இறை நம்பிக்கை எல்லாவற்றுக்கும் கோடலை இழுக்கிறார்களே?

மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளையும் அவற்றில் வைத்துப் பாருங்கள். சட்டப் புத்தகத்தில் அடிகோளும் இல்லை, பெருக்கலும் இல்லை. தேற்றத்துக்கு அங்கே வேலை கிடையாது.

கேள்வி: தன் கோடல் வாக்கியத்தை இயந்திரத்தால் நிரூபிக்க முடியாது, ஆனால் அது உண்மை என்று நான் கண்டுகொள்கிறேன். அப்படியானால் மனம் இயந்திரத்தை மிஞ்சியதுதானே?

இந்த வாதத்தை 1961-ல் தத்துவவாதி லூகாஸ் முன்வைத்தார், பிறகு இயற்பியலாளர் பென்ரோஸ் விரிவாக எடுத்துச் சென்றார். இதில் மனத்தைப் பறிகொடுத்த பலரை எனக்குத் தெரியும். அதனால் அந்தக் ‘கண்டுகொள்ளுதல்’ எப்படி நடக்கிறது என்று நிதானமாகப் பார்ப்போம்.

ஓர் இயந்திரம் நிரூபிப்பதெல்லாம் ஓர் அமைப்பின் அடிகோள்களிலிருந்தும் விதிகளிலிருந்தும் வருவதுதான்; அந்த அமைப்பின் பெயர் S என்று இருக்கட்டும். அதன் கோடல் வாக்கியமான G சொல்வது இதுதான்: ‘எனக்கு S-ல் நிரூபணம் இல்லை.’ S முரணற்றது என்று வைத்துக்கொள்வோம். G-க்கு S-ல் நிரூபணம் ஒன்று இருந்தால், கோடலின் குறியீட்டு முறைப்படி அதை ஓர் எண்ணாக எழுதிவிடலாம். அந்த எண் G-யின் நிரூபணம்தான் என்பதை S வெறும் கணக்குப் போட்டே சரிபார்த்துவிடும். ‘G-க்கு நிரூபணம் உண்டு’ என்பதும் அப்போது S-ன் தேற்றமாகிவிடும். அதுவோ G-யின் மறுப்பு. ஒரே அமைப்பில் G-யும் அதன் மறுப்பும் வந்துவிட்டன, முரண். ஆகவே G-க்கு நிரூபணம் இல்லை. G சொல்வதும் அதையே என்பதால், G உண்மை.

இப்போது ‘S முரணற்றது என்று வைத்துக்கொள்வோம்’ என்ற வரிக்குத் திரும்புங்கள். நாம் கண்டது ‘G உண்மை’ என்பதை அல்ல, ‘S முரணற்றதானால் G உண்மை’ என்பதை:

```
Con(S) → G
```

இதைப் பீனோ எண்கணிதம் போன்ற எந்த அமைப்பும் தானே நிரூபித்துக்கொள்ளும். மேலே எழுதிய வாதத்தை அதற்குள்ளேயே எண்களாக நடத்த முடியும். கோடலின் இரண்டாம் முழுமையின்மைத் தேற்றம் பிறப்பது இங்கேதான்: S தன் முரணின்மையையும் நிரூபித்துவிட்டால் G கைக்கு வந்துவிடும், அது நடக்காது என்பதால் முரணின்மையை அதனால் நிரூபிக்க முடியாது. இதுவரை நாமும் இயந்திரமும் ஒரே படியில் நிற்கிறோம். S முரணற்றது என்பது வேறு வழியில் நமக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே நாம் ஒரு படி மேலே போகிறோம். தத்துவவாதி புட்னம் இந்த ஓட்டையை 1960-லேயே சுட்டிக்காட்டியிருந்தார்.

கேள்வி: பீனோ எண்கணிதம் முரணற்றது என்று நமக்குத் தெரியுமே. அது போதாதா?

பீனோ எண்கணிதத்துக்குப் போதும். கென்ட்சன் 1936-ல் அதன் முரணின்மையை நிரூபித்தார், பீனோ எண்கணிதத்துக்குள் கிடைக்காத ஒரு கொள்கையைக் கூடுதலாகப் பயன்படுத்தி. ஆனால் கணக் கோட்பாட்டின் அடிகோள்களைக் கொடுத்தால் ஓர் இயந்திரமும் அதே முரணின்மையை நிரூபிக்கும். மனம் எல்லா இயந்திரங்களையும் மிஞ்சும் என்று சொல்பவர், எந்த முரணற்ற அமைப்பை நீட்டினாலும் அது முரணற்றது என்று கண்டுசொல்ல வேண்டும்.

ஓர் அமைப்பை நீட்டுகிறேன். பீனோ எண்கணிதத்தோடு ஒரே ஓர் அடிகோளைச் சேருங்கள்: ‘4 முதல் ஒவ்வொரு இரட்டைப்படை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை.’ இது 1742 முதல் நிரூபணமில்லாமல் நிற்கும் கோல்ட்பாக் அனுமானம். இந்தப் புதிய அமைப்பு முரணற்றதா?

அனுமானம் பொய்யானால், அதற்கு அடங்காத ஓர் இரட்டைப்படை எண் எங்கோ இருக்கிறது. அதற்குக் கீழுள்ள பகா எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்து அந்த எண் அடங்காது என்று பீனோ எண்கணிதமே நிரூபித்துவிடும், அது புதிய அடிகோளோடு மோதும். அனுமானம் உண்மையானால், எல்லா அடிகோள்களும் உண்மை; உண்மைகளிலிருந்து முரண் பிறக்காது. ஆக அமைப்பு முரணற்றதா என்ற கேள்வியும் கோல்ட்பாக் அனுமானம் உண்மையா என்ற கேள்வியும் ஒன்றேதான். இந்த அமைப்பின் G-யும் அதோடு சேர்ந்தே நிற்கும், சேர்ந்தே விழும்.

இந்த G உண்மை என்று உங்களால் காண முடிகிறதா? என்னால் முடியவில்லை. 4×10¹⁸ வரை கணினியில் சரிபார்த்திருக்கிறார்கள், விலக்கு எதுவும் அகப்படவில்லை. அது நம்பிக்கை தருகிறது, ஆனால் அதை ‘காணுதல்’ என்று சொல்ல முடியாது. இத்தனைக்கும் நான் சேர்த்தது ஒரே ஒரு வரி. நம் மனத்துக்கு நிகரான இயந்திரம் ஒன்று இருந்தால் அதன் விதிகள் எவ்வளவு நீளமாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெரிய மேதைகளின் பார்வையும் இந்த இடத்தில் தவறியிருக்கிறது. ஃப்ரெகே எண்கணிதம் முழுவதையும் தர்க்கத்தின் மேல் கட்டி 1893-ல் முதல் தொகுதியை வெளியிட்டார். இரண்டாம் தொகுதி அச்சில் இருந்தபோது, 1902-ல், ரஸலின் கடிதம் வந்தது: அந்த அமைப்பில் முரண் இருக்கிறது.

கேள்வி: கோடல் தாமே என்ன நினைத்தார்?

1951-ல் ஓர் உரையில் அவர் சொன்னது ‘இதுவோ அதுவோ’ என்ற வடிவில் இருந்தது. ஒன்று, மனித மனம் எந்த வரம்புள்ள இயந்திரத்தையும் மிஞ்சியது. அல்லது, மனிதனால் என்றுமே தீர்க்க முடியாத எண்கணிதக் கேள்விகள் உண்டு. இரண்டுமே மெய்யாக இருக்கவும் இடமுண்டு. அவர் மனம் சாய்ந்தது முதல் பக்கம். ஆனால் தம் தேற்றம் மட்டும் அந்தப் பக்கத்தை நிரூபிக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

நாம் ஓர் இயந்திரமாகவே இருந்து, எந்த இயந்திரம் என்று நமக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்போது நம் G எது என்று நம்மால் எழுதிக்காட்டவே முடியாது. அல்லது யாரோ அதை எழுதிக் கொடுத்தாலும், அது நம்முடையதுதான் என்று நமக்கு அடையாளம் தெரியாது.