பேட்ரியான் மாதச் சந்தாவை நிறுத்தினால் எது போகும், எது நிற்கும்? கேள்வி பதில்

பாலக்கோடு வாசகர்: வீடியோ, எழுத்துன்னு போடுறவங்களுக்கு நேரா மாசக் காசு கட்டுற பேட்ரியான் தளத்துல ஒரு படைப்பாளிகிட்ட சேர்ந்திருக்கேன், ஒவ்வொரு மாசமும் 20ஆம் தேதி காசு பிடிக்குது. இன்னிக்கு 9. இப்பவே நிறுத்தினா இன்னிக்கே எல்லாம் மூடிடுமாங்க?

மூடாதுங்க. போன 20ஆம் தேதி கட்டின பணத்துக்கு வர்ற 20 வரைக்கும் பார்க்கலாம். மீதி 11 நாளுக்குப் பணம் திரும்பாது, ஆனா அந்த 11 நாளும் உங்களுடையதுதான். அதனால கடைசி நாள் வரை காத்திருக்கத் தேவையே இல்லை. பிரவுசர்ல `patreon.com/settings/memberships` திறந்து, அந்தப் படைப்பாளியின் பெயருக்கு நேரா உள்ள பட்டனை அழுத்தி, ரத்து செய்யும் இடத்துக்குப் போங்க. காரணம் கேட்கும். அதோட வேலை முடிஞ்சிடுச்சுன்னு பக்கத்தை மூடிடுறவங்கதான் நிறைய. அடுத்த திரையில உறுதி செஞ்சாத்தான் ரத்தாகும். திரும்ப அதே பக்கத்தைத் திறந்து, சந்தா எந்தத் தேதியோட முடியுதுன்னு காட்டுதான்னு பார்த்துடுங்க.

சில பக்கங்கள்ல, எந்தத் தேதியில சேர்ந்திருந்தாலும் 1ஆம் தேதிதான் பிடிப்பாங்க. அங்கே மாதக் கடைசிக்கு இரண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திடறது நல்லது.

ஓசூர் வாசகர்: இவ்வளவு சுத்தணுமா? நான் பேங்க் ஆப்ல ஆட்டோ-டெபிட்டை ரத்து பண்ணிட்டேன். காசு போகல. அவ்வளவுதானே?

பாதி சரி. காசு போகாது. ஆனா சந்தா உயிரோடதான் இருக்கு. தேதி வந்ததும் பணம் கேட்பாங்க, வங்கி மறுக்கும், சில நாள் கழிச்சு மறுபடி கேட்பாங்க. படைப்பாளியின் பட்டியல்ல நீங்க விலகினவரா இல்லாம, பணம் தவறினவரா நிப்பீங்க. பின்னாடி வேற ஒருத்தருக்காக அதே கணக்குல புது கார்டு சேர்த்தா, பழைய சந்தாவுக்கும் அதுல கேட்க வாய்ப்பு உண்டு. முதல்ல பேட்ரியான்ல ரத்து செய்யுங்க, அப்புறம் வங்கியில செய்யுங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் பிடிக்க 24 மணி நேரம் முன்னாடி உங்களுக்குத் தகவல் வரணும். அந்த எஸ்எம்எஸ் வந்தா அன்னிக்கே ரத்து செஞ்சிடுங்க.

காவேரிப்பட்டணம் வாசகர்: மாந்தோப்புக் கவாத்து பத்தி ஒருத்தர் போடுற வீடியோவுக்காகச் சேர்ந்தேன் சார். ஒரு வருஷமா கட்டுன காசுக்குப் பழைய வீடியோவாவது நிக்குமா?

நிக்காதுங்க. இதுதான் பலருக்கும் வலிக்கிற இடம். 12 மாசம் கட்டியிருந்தாலும், சந்தாதாரருக்கு மட்டும்னு போட்ட பழைய பதிவுகள் தேதி முடிஞ்சதும் பூட்டிக்கும். நீங்க கட்டினது பார்க்கிற உரிமைக்கு, வீடியோவுக்கு இல்லை. ஆடியோவை வேற ஆப்ல கேட்கறதுக்குன்னு உங்களுக்கு மட்டும் தந்த ஆர்எஸ்எஸ் இணைப்பும் செத்துடும். டிஸ்கார்ட்ங்கிற அரட்டை ஆப்ல அவர் குழுவை இணைச்சிருந்தா, சந்தாவால கிடைச்ச ரோல், அதாவது உள்ளே போற அனுமதி, தானா போயிடும், அந்த அறைகளும் கண்ணுக்குத் தெரியாது.

நீங்க முன்னாடியே இறக்கி வச்ச பிடிஎஃப், படங்கள் உங்க போன்லயே இருக்கும். கவாத்து அட்டவணை, மருந்து அளவுன்னு பதிவோட கோப்பா சேர்த்துக் கொடுத்திருந்தா, மீதி இருக்கிற நாள்லயே ஒவ்வொரு பதிவா திறந்து இறக்கிக்கோங்க. பெரும்பாலும் வீடியோவை இறக்க முடியாது. முக்கியமானதைப் பார்த்து நோட்டுல எழுதிக்கறதுதான் வழி. இறக்கினதை வாட்ஸ்அப் குழுவுல போடாதீங்க, அது அவருடைய பிழைப்பு.

ஊத்தங்கரை வாசகி: என் பையன் ஐபோன்ல சேர்ந்தானுங்க. ஆப்பையே அழிச்சாச்சு, இன்னும் பணம் போகுது. ஏமாத்துறாங்களா அண்ணா?

ஏமாத்து இல்லம்மா. ஆப்பை அழிச்சா சந்தா அழியாது. ஐபோன் ஆப் வழியா ஆப்பிளுக்குப் பணம் கட்டிச் சேர்ந்திருந்தா, ரத்தும் ஆப்பிள்கிட்டதான். போன்ல Settings போய், மேலே தம்பியின் பெயரைத் தொட்டு, Subscriptions திறந்து அங்கே ரத்து செய்யுங்க. அந்தப் பட்டியல்ல பேட்ரியானே இல்லைன்னா, கார்டு மாதிரி வேற வழியில சேர்ந்திருக்கலாம். அப்போ பாலக்கோடுக்காரருக்குச் சொன்ன வழிதான்.

அரூர் வாசகர்: நான் ஒரே தடவையா வருஷத்துக்குக் கட்டிட்டேன். மூணு மாசத்துல அவர் பதிவு போடுறதையே விட்டுட்டார். மீதி ஒன்பது மாசக் காசு?

ரத்து செஞ்சா அடுத்த வருஷம் புதுப்பிக்காது, அவ்வளவுதான். மீதியைத் திருப்பித் தர்றது பெரும்பாலும் படைப்பாளி கையில இருக்கு. ரத்து செய்றதுக்கு முன்னாடியே, கட்டின தேதி, தொகை, கடைசிப் பதிவு வந்த தேதி மூணையும் குறிப்பிட்டு அவருக்குச் செய்தி அனுப்புங்க.

ஓசூர் வாசகர்: பேங்க்ல புகார் போட்டா காசை வாங்கித் தந்துடுவாங்களே?

கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அப்படிப் போட்டா பேட்ரியான் கணக்கே முடங்கக்கூடும், அதுல வேற யாருக்கு ஆதரவு கொடுத்திருந்தாலும் அதுவும் சேர்ந்து நின்னுடும். அவர் பதில் சொல்ல பத்து நாளாவது விட்டுப் பாருங்க.

பாலக்கோடு வாசகர்: ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி சேர்ந்தா பழைய விலையே கிடைக்குமா?

நீங்க இருந்த அடுக்கு, அதாவது அந்த விலைக்கான சந்தா வகை, அப்பவும் திறந்திருந்தா, அன்னிக்கு என்ன விலையோ அதுக்குச் சேரலாம். 50 பேருக்கு மட்டும்னு இடம் வச்ச அடுக்குன்னா, நீங்க விட்ட இடத்துல வேறொருத்தர் உக்காந்திருக்கலாம். காசுதான் நெருக்கடின்னா, முழுசா விலகாம கீழ் அடுக்குக்கு இறங்க முடியுதான்னு முதல்ல பாருங்க.