நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா? ஹால்டிங் பிராப்ளம் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: ஒரு நிரல் நிற்குமா என்று அறிய அதை ஓட்டிப் பார்த்தால் போதாதா?

நிற்கும் நிரலுக்குப் போதும். ஓட்டிக்கொண்டே இருந்தால் அது என்றாவது நிற்கும். அப்போது "ஆம்" என்று சொல்லிவிடலாம். நிற்காத நிரலில்தான் சிக்கல். ஒரு மணி நேரமாக ஓடுகிறது என்பதை வைத்து, அது அடுத்த நொடியில் நிற்காது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

டூரிங் எந்திரம் என்பது ஒரு நாடாவில் குறியீடுகளைப் படித்தும் எழுதியும் நகரும் எளிய கற்பனைக் கணினி. ஐந்தே நிலைகளும் இரண்டே குறியீடுகளும் கொண்ட அப்படியொரு எந்திரம் உண்டு. அதன் விதிகள் முழுவதையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். வெற்று நாடாவில் ஓடவிட்டால் அது சரியாக 4,71,76,870 அடிகள் ஓடி நிற்கிறது. 4 கோடி அடிகள் பார்த்துவிட்டு "இது நிற்காது" என்று எழுந்து போனவர் தவறான விடையைச் சொல்லியிருப்பார். வெற்று நாடாவில் தொடங்கி நிற்கும் ஐந்து நிலை எந்திரங்களில் இதைவிட அதிக நேரம் ஓடுவது எதுவும் இல்லை என்று 2024-இல்தான் நிறுவப்பட்டது. எத்தனை நிலைகளைக் கொடுத்தாலும் இப்படியொரு உச்ச வரம்பைக் கணக்கிட்டுத் தரும் பொது நிரல் இருந்தால், அவ்வளவு அடிகள் மட்டும் ஓட்டிப் பார்த்து ஹால்டிங் பிராப்ளத்தையே, அதாவது எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா என்ற கேள்வியையே, தீர்த்துவிடலாம். அதைத் தீர்க்கும் நிரல் இல்லை என்பதை அடுத்த கேள்வியில் பார்ப்போம். ஆகவே அப்படிப்பட்ட நிரலும் இருக்க முடியாது.

தேர்வில் இதை "ரெகக்னைசபிள், ஆனால் டிசைடபிள் அல்ல" என்று எழுதுங்கள். "ஆம்" என்ற விடை எப்போதும் வந்து சேரும். "இல்லை" என்ற விடை வந்து சேரும் என்ற உறுதி இல்லை.

கேள்வி: நிரலுக்கு அதன் நிரலையே உள்ளீடாகக் கொடுத்து முரண்பாடு காட்டுகிறார்கள். இது வெறும் சொல் விளையாட்டு போலத் தோன்றுகிறதே?

பலருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். நிரல் என்பது ஓர் உரைக்கோப்பு என்பதை நினைவில் வைத்தால் அந்த உறுத்தல் போய்விடும். சொற்களை எண்ணும் நிரலிடம் அதன் சொந்தக் கோப்பையே கொடுத்தால், அதிலுள்ள சொற்களை எண்ணித் தரும். அதில் மாயம் ஏதும் இல்லை.

இப்போது, எந்த நிரல் `p`, எந்த உள்ளீடு `x` கொடுத்தாலும், `p` நிற்குமா என்பதற்குச் சரியான விடை சொல்லி, தானும் நின்றுவிடும் `H(p, x)` இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை வைத்து இப்படி எழுதலாம்:

```python
def D(p):
    if H(p, p):
        while True:
            pass
    return
```

`D(D)` நிற்குமா? நிற்கும் என்று `H` சொன்னால் `D` முடிவில்லாச் சுழலுக்குள் போகிறது. நிற்காது என்று சொன்னால் `D` உடனே திரும்பி நின்றுவிடுகிறது. இரண்டிலும் `H` சொன்னது பொய்யாகிறது. `D`-இன் மற்ற வரிகள் எல்லாம் யாரும் எழுதக்கூடியவை. சந்தேகத்துக்கு இடமான ஒரே பொருள் `H` மட்டுமே. ஆகவே இல்லாதது அதுதான்.

ஒரு பெரிய அட்டவணையாகவும் பார்க்கலாம். உலகில் எழுதக்கூடிய நிரல்களையெல்லாம் வரிசையாக வரிகளில் வையுங்கள். அதே நிரல்களின் உரைகளை அதே வரிசையில் நெடுவரிசைகளிலும் வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் "நிற்கும்" அல்லது "ஓடும்" என்று எழுதுங்கள். மூலைவிட்டத்தில் உள்ளதையெல்லாம் தலைகீழாக்கினால் கிடைப்பது `D`-இன் வரி. அது முதல் வரியோடு முதல் கட்டத்திலும், நூறாம் வரியோடு நூறாம் கட்டத்திலும் முரண்படும். ஆகவே எந்த வரியாகவும் இருக்க முடியாது. எல்லா நிரல்களும் உள்ள அட்டவணையில் `D`-க்கு இடமில்லை.

இடையில் ஒரு செய்தி: 1936-ஆம் ஆண்டுக் கட்டுரையில் டூரிங் இந்தக் கேள்வியை இந்த வடிவில் கேட்கவில்லை. இலக்கங்களை முடிவின்றி அச்சிட்டுக்கொண்டே போகும் எந்திரம்தான் அவருக்கு ஒழுங்கான எந்திரம். "ஹால்டிங்" என்ற பெயர் பின்னர் வந்தது.

கேள்வி: கோல்டுபாக் கணிப்பு இன்னும் தீர்க்கப்படவில்லை. அதைப் பொய்யாக்கும் எண்ணைத் தேடும் நிரல் நிற்குமா என்பது தீர்மானிக்க இயலாத கேள்விதானே?

இல்லை. நல்ல மாணவர்களும் தடுக்கி விழும் இடம் இது. 4, 6, 8 என்று ஒவ்வோர் இரட்டை எண்ணாக எடுத்து, இரு பகா எண்களின் கூட்டலாக எழுத முடியாத ஒன்று கிடைத்தால் நிற்கும் நிரலை எழுதலாம். அது நிற்குமா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அது ஒற்றைக் கேள்வி. அதன் விடை ஆம் அல்லது இல்லை. "ஆம்" என்று மட்டும் அச்சிடும் நிரல், "இல்லை" என்று மட்டும் அச்சிடும் நிரல் என்ற இரண்டில் ஒன்று அதற்குச் சரியான தீர்வாகும். எது என்று நமக்குத் தெரியாதிருப்பது வேறு விஷயம். தீர்மானிக்க இயலாமை என்பது முடிவற்ற எண்ணிக்கையிலான உள்ளீடுகள் அனைத்துக்கும் ஒரே நிரல் சரியான விடை தர முடியாது என்பதைக் குறிக்கும்.

கேள்வி: என் கணினியின் நினைவகம் வரம்புக்கு உட்பட்டதுதானே?

ஆம், அதனால் கோட்பாட்டளவில் அதில் ஓடும் நிரல் நிற்குமா என்று கண்டறியலாம்: வெளியிலிருந்து புதிதாக எதுவும் வராதவரை, வந்த நிலையே திரும்ப வந்தால் அது சுழல். ஆனால் 300 பிட்டுகளுக்கே 2^300 நிலைகள். காணக்கூடிய பிரபஞ்சத்தில் இருப்பதாக மதிப்பிடப்படும் அணுக்களைவிட அதிகம். டூரிங் எந்திரத்தின் நாடாவுக்கு எல்லை கிடையாது என்பதால் அங்கே இந்த வழியும் அடைபடுகிறது.

கேள்வி: ரிடக்‌ஷன் கணக்குகளில் எந்தத் திசையில் போவது என்று எப்போதும் குழம்புகிறேன்.

விடைத்தாள்களில் அதிக மதிப்பெண் பறிபோவது இங்கேதான் என்பது என் அனுபவம். ஒரு சிக்கலுக்குத் தீர்வு இருந்தால் அதை வைத்து இன்னொன்றைத் தீர்க்கலாம் என்று காட்டுவதுதான் ரிடக்‌ஷன். உதாரணமாக, "உள்ளீடே இல்லாமல் ஓடும் நிரல் நிற்குமா?" என்பது தீர்மானிக்க இயலாதது என்று காட்ட வேண்டும். அதைத் தீர்க்கும் `E` இருப்பதாகக் கொண்டு, அதிலிருந்து `H`-ஐக் கட்ட வேண்டும். உங்களிடம் `P`, `w` தரப்படுகின்றன. நீங்கள் எழுதுவது இவ்வளவுதான்:

```python
def Q():
    P(w)
```

`Q` நிற்பதும், `w`-இன் மேல் `P` நிற்பதும் ஒன்றே. ஆகவே `E(Q)` சொல்லும் விடையே `H(P, w)`-இன் விடை. `H` இல்லை என்று முன்பே தெரியும். எனவே `E`-யும் இல்லை.

பலர் தலைகீழாக, "`H` இருந்தால் `E`-ஐச் செய்யலாம்" என்று எழுதிவிடுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் எதையும் நிரூபிக்காது. கடினமான ஒன்றை வைத்து எதையும் செய்யலாம், அதனால் இது கடினம் என்று ஆகிவிடாது. ஏற்கெனவே தீராதது என்று தெரிந்ததிலிருந்து தொடங்கி, புதிய சிக்கலை நோக்கிப் போங்கள்.

இன்னொரு தவறு, `Q`-ஐக் கட்டும்போதே `P`-ஐ ஓட்டிப் பார்ப்பது. `P` நிற்காவிட்டால் உங்கள் கட்டுமானமே முடியாது. `Q`-இன் உரையை எழுதி `E`-யிடம் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. `Q`-ஐ யாரும் ஓட்டவே தேவையில்லை. இந்த ஒரு வாக்கியத்தை விடைத்தாளில் எழுதினால், நீங்கள் புரிந்து எழுதுகிறீர்கள் என்பது திருத்துபவருக்குத் தெரியும்.

கேள்வி: நிற்காத நிரல்களை மட்டும் அடையாளம் காணும் ரெகக்னைசர் உண்டா?

இல்லை. இருந்திருந்தால் அதையும் நிரலையும் அடிக்கு அடி மாற்றி மாற்றி ஓட்டியிருக்கலாம். நிரல் நின்றால் "ஆம்". ரெகக்னைசர் ஏற்றுக்கொண்டால் "இல்லை". இரண்டில் ஒன்று நிச்சயம் நடக்கும் என்பதால், இல்லை என்று நிரூபித்த `H` நம் கையில் இருந்திருக்கும்.