மேற்கோள் காட்டப்பட்ட சட்டப் பிரிவு: அரசு தமிழாக்கமா, சொந்த மொழிபெயர்ப்பா?

வேலூரில் நில வழக்கு ஒன்றுக்காக ஆங்கில வக்கீல் நோட்டீஸைத் தமிழாக்குகிறேன். இடையில் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவு மேற்கோளாக வருகிறது. அரசின் தமிழாக்கத்தைப் போடவா, நானே மொழிபெயர்க்கவா?

குடியரசுத் தலைவரின் அனுமதியோடு அரசிதழில் வெளியான தமிழாக்கம் இருந்தால் அதையே போடுங்கள். 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, மத்தியச் சட்டங்களுக்கு அதுதான் அதிகாரபூர்வத் தமிழ் வாசகம். உங்கள் தமிழ் அதைவிட நன்றாக இருக்கலாம், ஆனால் கோர்ட்டில் அதற்கு அந்த மதிப்பு இல்லை.

ஆனால் எடுத்து ஒட்டும் முன், நோட்டீஸில் உள்ள ஆங்கில வரிகளோடு வார்த்தை வார்த்தையாக ஒப்பிடுங்கள். 53ஏ நல்ல உதாரணம். ஒப்பந்தம் பதிவு செய்யப்படாவிட்டாலும் வாங்குபவரின் சுவாதீனத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்ற சொற்றொடர் அதில் இருந்தது. 2001 திருத்தம் அதை நீக்கிவிட்டது. பழைய தமிழாக்கத்தை அப்படியே போட்டால், நீக்கப்பட்ட சொற்றொடர் உயிரோடு திரும்பி வரும். பதிவில்லாத அக்ரிமெண்டை நம்பி குடியாத்தம் பக்கம் நிலத்தில் இருப்பவருக்கு அது தப்பான நம்பிக்கை.

அப்போது மாறாத பகுதிக்கு அரசு வாசகத்தை வைத்து, திருத்தம் தொட்ட இடத்தை மட்டும் நீங்கள் சரிசெய்து, அடிக்குறிப்பில் சொல்லுங்கள். நோட்டீஸே பழைய வாசகத்தைக் காட்டியிருந்தால்? அதைத் திருத்தாதீர்கள். அப்படியே தமிழாக்கி, வக்கீலிடம் தனியே சொல்லிவிடுங்கள். திருத்துவது அவர் வேலை.

மேற்கோள் குறி இல்லாமல் சாரத்தை மட்டும் எழுதியிருந்தால், சொந்த மொழிபெயர்ப்புதான் சரி. கலைச்சொற்களை மட்டும் அரசு வாசகத்திலிருந்து எடுங்கள்.